அசோசியேஷன் கணக்கு: கேட்டவர்களுக்குச் சொன்னது

(ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தேன். இப்போது மற்ற குடியிருப்புகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். கணக்கு பற்றி மட்டும் கேளுங்கள். பார்க்கிங் தகராறுக்கு நான் ஆள் இல்லை.)

மூன்றாவது மாடிக்காரர்: 40 வீடு. மாதம் 3,000, அதில் 500 பிற்காலப் பெரிய வேலைகளுக்குச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்ட். ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அறிக்கையில் ஃபண்ட் 7,20,000 என்று இருக்கிறது, மூன்று வருடத்துக்கும் சேர்த்து 30,000 உபரி வேறு. பெயின்டிங்குக்கு முன்பணம் கேட்டால் பேங்கில் 1,02,000தான் இருக்கிறதாம். யாரோ எடுத்துவிட்டார்களா?

எடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் சொல்லாத ஒரு எண்ணை நான் சொல்கிறேன்: உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் உறுப்பினர் பாக்கி என்ற வரியில் 6,48,000 இருக்கும். வேறு சொத்தோ கடனோ இல்லையென்றால் அந்த எண்தான் வந்தாக வேண்டும். ஃபண்டும் உபரியும் சேர்ந்து 7,50,000, அதில் பேங்கில் இருப்பது 1,02,000. மீதி முழுக்க யாரோ கட்டாத பணம்.

இது எப்படி நடக்கிறது என்றால், மாதாமாதம் 40 வீட்டுக்கும் பில் போட்டவுடனே கணக்கில் 1,00,000 மெயின்டனன்ஸ் வருமானமாகவும், 20,000 ஃபண்டாகவும் ஏறிவிடுகிறது. பணம் வந்ததா என்று அந்தப் பதிவு பார்ப்பதில்லை. ஆனால் செக்யூரிட்டிக்கும் லிஃப்ட் சர்வீஸுக்கும் மின்சாரத்துக்கும் காசாகத்தான் கொடுக்க வேண்டும். ஆறு வீடு மூன்று வருடம் ஒன்றும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,16,000 வரவில்லை. செலவு அதற்காகக் குறையவில்லை. கட்டியவர்கள் கொடுத்த 500, அந்த ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் குப்பை அள்ளவும் தண்ணீர் ஏற்றவும் போயிருக்கிறது. யாரும் ஃபண்டில் கைவைக்கத் தீர்மானம் போடவில்லை. ஒரே பேங்க் கணக்கில் எல்லாம் கிடந்ததால் அதுவாகவே கரைந்துவிட்டது.

வருடாந்திரக் கூட்டத்தில் யாருக்கும் இது தெரியாது, ஏனென்றால் அங்கே வாசிப்பது வரவு செலவு அறிக்கை. அதில் உபரி என்று வருகிறது, எல்லோரும் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நீங்கள் மூன்று எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்: ஃபண்ட் இருப்பு, பேங்க்கும் டெபாசிட்டும், பாக்கி. முதல் எண்ணைவிட இரண்டாவது குறைவாக இருந்தால் ஃபண்ட் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாக்கியை வீடு வாரியாகவும் கேட்டு வாங்குங்கள், வாங்கியபின் இங்கே வந்து சொல்லுங்கள். அப்புறம், பேங்க் ஸ்டேட்மென்ட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். யாரோ தட்டச்சு செய்த சுருக்கத்தை அல்ல.

புதுப் பொருளாளர்: பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மெயின்டனன்ஸ் உண்டா?

உங்கள் துணைவிதியில் விலக்கு இல்லையென்றால் உண்டு. ஆள் இல்லாத வீட்டுக்கும் கூரை இருக்கிறது, லிஃப்ட்டும் இருக்கிறது.

கணக்கர் ஒருவர்: மேலே சொன்ன பிரச்சினைக்குச் சுலபமான வழி இருக்கிறது. பில் போடும்போது வரவு வைக்கவே கூடாது. பணம் வந்தால்தான் வரவு. ஃபண்டும் பேங்க்கும் தானாகவே ஒத்துப்போகும்.

பாதி சரி. ஃபண்டிலிருந்து பற்றாக்குறையைக் கழித்தால் பேங்க்கோடு ஒத்துப்போகும், ஆனால் பாக்கி என்ற வரியே புத்தகத்திலிருந்து காணாமல் போய்விடும். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் வந்த பணத்தை மட்டும்தான் எழுதி வந்தார்கள். பொருளாளர் மாறினார், பழையவரின் நோட்டும் அவரோடு போய்விட்டது. யார் எத்தனை மாதம் கட்டவில்லை என்று அதன்பின் ஒருவருக்கும் தெரியவில்லை. வீடு விற்கும்போது பாக்கி இல்லை என்று சான்று கேட்டு வருகிறார்களே, அப்போது எதை வைத்துக் கணக்குச் சொல்வீர்கள்?

நான் செய்வது வேறு. பில் போட்டதைப் பதிவு செய்யுங்கள், ஆனால் ஃபண்டை இரண்டு வரியாகக் காட்டுங்கள்: வசூலானது, வசூலாக வேண்டியது. மாதக் கடைசியில் வசூலானதை மட்டும் தனி பேங்க் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கில் இருவர் கையெழுத்து. அதன்பின் பாக்கி கூடினால் செக்யூரிட்டி சம்பளத்துக்கு இழுபறி வரும், சத்தம் அந்த மாதமே கேட்கும். மூன்று வருடம் கழித்துக் கேட்பதைவிட அது நல்லது.

அதே கணக்கர்: அப்படியென்றால் ஒருவர் 3,000க்குப் பதில் 2,500 கட்டினால் எதில் வரவு வைப்பீர்கள்? ஃபண்டுக்குத்தானே முதலில்?

இல்லை, விகிதப்படி. ஆறில் ஒரு பங்கு, 417, ஃபண்டுக்கு. மீதி 2,083 மெயின்டனன்ஸுக்கு.

ஐந்தாவது மாடி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான்தான் அந்த 2,500 கட்டுகிற ஆள்! எனக்கு சிங்கிங் ஃபண்டில் நம்பிக்கை இல்லை. என் பணத்தை மெயின்டனன்ஸுக்கு மட்டும் என்று எழுதித்தான் அனுப்புகிறேன்.

எழுதலாம் ஐயா. ஆனால் பொதுக்குழு தீர்மானித்த தொகை ஒன்றுதான், அதைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவைக்க முடியாது. நீங்கள் எப்படி எழுதினாலும் உங்கள் பேரில் மாதம் 500 பாக்கி நிற்கும், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லை என்பது நியாயமான குறை. அதற்கு வழி, தனிக் கணக்கும் அதன் ஸ்டேட்மென்ட்டும் கேட்பது.

கணக்கர்: விகிதப்படி பிரித்தால் ஃபண்ட் என்றைக்கும் நிறையாது. இவரைப் போன்றவர்கள் கட்டும் குறைந்த பணத்திலும் ஃபண்டுக்கு முழு 500 எடுத்தால்தான் கட்டடம் பிழைக்கும்.

அப்படி எடுத்தால் நடைமுறைச் செலவுக்குத் துண்டு விழும். துண்டு விழுந்தால் கமிட்டி ஃபண்டிலிருந்து தற்காலிகக் கடன் என்று எடுக்கும். அந்தத் தற்காலிகம் திரும்பி வந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கணக்கர்: அது கமிட்டியின் ஒழுக்கம். முறையின் தப்பு அல்ல.

சரி, ஒழுக்கமான கமிட்டிக்கு உங்கள் முறை. மற்ற இடங்களுக்கு என்னுடையது.

வட்டி கட்டி நொந்தவர்: எங்கள் இடத்தில் இரண்டுமே இல்லை. கட்டும் பணம் முதலில் தாமத வட்டிக்குப் போகிறது. ஒரு வருடம் வேலை இல்லாமல் 36,000 பாக்கி வைத்தேன். அதன்பின் 20,000 கட்டியும் அசல் பெரிதாகக் குறையவில்லை.

வட்டி முதலில் என்று விதியில் எழுதியிருந்தால் அவர்கள் செய்வது தப்பில்லை. ஆனால் வசூல் செய்ய அது மோசமான முறை. ஆள் நொந்துபோய் மொத்தமாக நிறுத்திவிடுவார். பழைய அசலை முதலில் கழித்து, வட்டியைத் தனியாக நிறுத்தி, தவணை முடிந்தபின் வட்டியைப் பேசுவோம் என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கர் இதற்கும் சம்மதிக்க மாட்டார், தெரியும்.

கணக்கர்: மாட்டேன். ஒழுங்காகக் கட்டியவனுக்கு என்ன பதில்?

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

முதல் தளத்துக்காரர்: மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் சீலிங்கில் ஈரம் இறங்குகிறது. சிங்கிங் ஃபண்டில் சரிசெய்யலாமா?

இரண்டு வீட்டுக்கு இடைப்பட்ட விஷயம் என்றால் ஃபண்டைத் தொடக்கூடாது. பொதுக் குழாய் கசிகிறதா என்று முதலில் பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செயலாளர்: பம்ப் மோட்டார் எரிந்து காயில் மாற்றினோம். இதை ஃபண்டில் எழுதலாம் என்கிறார் பொருளாளர்.

காயில் மாற்றியது பழுது, மெயின்டனன்ஸில் எழுதுங்கள். பம்பையே தூக்கிவிட்டுப் புதிதாக வைத்தால் ஃபண்ட். ஓடிக்கொண்டிருந்ததை மறுபடி ஓடவைத்தால் ஒன்று, ஆயுள் முடிந்ததை மாற்றினால் இன்னொன்று. நடுவில் சந்தேகமான கேஸ்கள் வரும். அவற்றை வேலைக்கு முன்பே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள், வேலை முடிந்தபின் அல்ல.

பொருளாளர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. பழுதைத் தூக்கி ஃபண்டில் போட்டால் வரவு செலவில் பற்றாக்குறை மறையும், மெயின்டனன்ஸை உயர்த்தும் பேச்சைத் தள்ளிப்போடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் இது தெரியும்: கட்டடத்துக்கு வயது ஏற ஏற பழுதுச் செலவு கூடவேண்டும், உங்கள் அறிக்கையிலோ அது குறைந்துகொண்டே வரும். அதே வருடங்களில் ஃபண்டிலிருந்து சின்னச் சின்னத் தொகையாக, இதரப் பணிகள் என்ற பேரில் வெளியே போயிருக்கும். அந்த வவுச்சர்களை எடுத்துப் பார்த்தால் குழாய் வாஷரும் பல்பும்தான் இருக்கும்.

வெளியூரில் இருப்பவர்: என் வீடு காலி. நான் ஏன் முழு மெயின்டனன்ஸ் கட்டவேண்டும்?

மேலே பாருங்கள்.

இன்னொருவர்: காலி வீட்டுக்கு லிஃப்ட் பங்கு மட்டும் கழிக்கலாமா?

மேலே பாருங்கள் என்று இப்போதுதான் சொன்னேன். துணைவிதி, துணைவிதி, துணைவிதி.

மூன்றாவது மாடிக்காரர்: திரும்ப வந்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே, பேலன்ஸ் ஷீட்டில் பாக்கி 6,48,000. ஆனால் செயலாளர் கொடுத்த வீடு வாரிப் பட்டியலைக் கூட்டினால் 5,10,000தான் வருகிறது. கூட்டலை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

இது வேறு கதை. வித்தியாசம் 1,38,000. அதை 3,000 ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 46. கான்ட்ராக்டருக்குக் கொடுத்த முன்பணமோ கூட்டல் பிழையோ என்றால் இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம். 46 மாதத் தவணை செயலாளரின் பட்டியலில் கட்டியதாக இருக்கிறது, புத்தகத்தில் இல்லை.

இதற்கும் நிரபராதமான காரணம் இருக்கலாம். அசோசியேஷன் பேரில் பழைய பேங்க் கணக்கு ஒன்று இருந்து, சிலர் இன்னும் அதிலேயே பணம் போட்டுக்கொண்டிருக்கலாம். அதைத்தான் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை எல்லாவற்றையும் வாங்குங்கள், நம்பர் வரிசை விடுபடாமல் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ரசீதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வைத்து டிக் அடியுங்கள். ரொக்கமாக வாங்கிய ரசீதுகளிலிருந்து ஆரம்பித்தால் வேலை சீக்கிரம் முடியும். அதுவரை யார் பேரையும் வாயில் எடுக்காதீர்கள். பெயின்டிங் முன்பணமும் கொடுக்க வேண்டாம்.