காலண்டரைப் பகிர்ந்தாச்சு, மணி ஏன் அடிக்கவில்லை? – கேள்வி பதில்

பையன் ஏழாவது, பொண்ணு நான்காவது. பள்ளி விஷயங்களுக்கென்று ஒரு கூகுள் காலண்டரைத் தனியாக உருவாக்கி, வீட்டில் பகிர்ந்து நான்கு வருடமாக ஓட்டுகிறேன். வேறு நிறுவனத்து காலண்டர் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அக்கா, சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்கை நான்தான் போட்டேன், முதல் நாள் நினைவூட்டலும் வைத்தேன். எனக்கு வந்தது, கணவருக்கு வரவில்லை. ஒரே காலண்டர்தானே? அவர் சும்மா சொல்கிறாரா?

பாவம், உண்மையைத்தான் சொல்கிறார். நிகழ்ச்சி பொது, மணி தனித்தனி. நீங்கள் வைத்த நினைவூட்டல் உங்களுக்கு மட்டும்தான் அடிக்கும். அவருக்கு அடிக்க வேண்டுமென்றால் அவர் போனில், அவர் கணக்கில் வைக்க வேண்டும்.

காலண்டர் ஆப்பில் இடதுமேல் மூன்று கோட்டைத் தொட்டு `Settings` போகச் சொல்லுங்கள். அவர் மின்னஞ்சலுக்குக் கீழே பள்ளி காலண்டரின் பெயர் இருக்கும். அதற்குள் `Add a notification` இரண்டு இடத்தில் வரும். ஒன்று நேரம் போட்ட நிகழ்ச்சிக்கு, இன்னொன்று `All day` நிகழ்ச்சிக்கு. இரண்டையும் வைக்க வேண்டும். நான் ஒரு வருடம் முதலாவதை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மஞ்சள் உடை நாளை `All day` ஆகப் போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை. வகுப்புப் போட்டோவில் முழுக்க மஞ்சள், நடுவில் நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்மில் என் பொண்ணு. இன்னும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, அவர் போனில் பத்து நிமிட நினைவூட்டல் ஒன்று வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி ஒரு பொய் நிகழ்ச்சியை நீங்கள் போடுங்கள். இரண்டு போனையும் மேசையில் வைத்துக் காத்திருங்கள். ஐந்தாவது நிமிடம் அவர் போன் அடித்தால் வேலை முடிந்தது.

நான் போட்டதே அவருக்குத் தெரியவில்லை. Task என்று போட்டேன்.

`Task` உங்களுக்கு மட்டும். `Event` ஆகப் போடுங்கள். சேமிக்கும் முன் எந்த காலண்டர் என்றும் பாருங்கள். கவனிக்காவிட்டால் உங்கள் சொந்தக் காலண்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவு சுற்றத் தேவையே இல்லை மேடம். நிகழ்ச்சியில் மனைவியின் மின்னஞ்சலை Guest ஆகச் சேர்த்தால் தானாக அவர் போனில் அடிக்கும். ஆபீஸில் தினமும் செய்கிறோம்.

பாதி சரி சார். அழைப்பு அவருடைய சொந்தக் காலண்டருக்குப் போகும், அங்கே அவர் ஏற்கனவே வைத்திருக்கும் நினைவூட்டல்படி அடிக்கும். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சேர்க்க வேண்டும். பள்ளியில் மீட்டிங்கை ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார்கள் என்று வையுங்கள். அவர் தன் போனில் மாற்றினாலும், நீங்கள் `Modify event` அனுமதி தராவிட்டால் உங்கள் பக்கம் ஒன்பதரையாகவே இருக்கும்.

ஆபீஸில் இருநூறு பேருக்கு அப்படித்தான் ஓடுகிறது. வீட்டில் இரண்டு பேர். இதில் என்ன குழப்பம் வந்துவிடும்?

ஆபீஸில் காலண்டரைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் Guest முறைதான். மாமியாரையும் சேர்த்தோம், அவருக்கு மெயில் மட்டும் வந்தது, காலண்டரில் ஏறவே இல்லை.

அவர் கணக்கில் `Add invitations to my calendar` என்ற அமைப்பைப் பாருங்கள். தெரிந்தவரிடமிருந்து வந்தால் மட்டும் என்றோ, பதில் சொன்ன பிறகு மட்டும் என்றோ இருக்கலாம். சாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வருடத்துக்கு நான்கு மீட்டிங் மட்டும்தான் என்றால் உங்கள் முறையே போதும். என் வீட்டில் மாதம் பத்து வருகிறது.

(அதே சார்) மாதம் பத்தா? எந்தப் பள்ளி அது?

அது வேண்டாம் சார்.

பள்ளியில் வருட அட்டவணை கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டாமல் மொத்தமாக ஏற்ற முடியுமா?

முடியும், கணினி உலாவியில் மட்டும். சி.எஸ்.வி. கோப்பு செய்து `Import & export` பகுதியில் ஏற்றலாம். ஆனால் மாதம் முன்னால், நாள் பின்னால் எழுத வேண்டும். நம் சர்க்குலரில் ஆசிரியர் தினம் 05/09 என்று இருக்கும். அப்படியே ஏற்றினால் மே 9-ஆம் தேதி, கோடை விடுமுறையில், ஆசிரியர் தினம் வந்து நிற்கும். சரியான வடிவம்:

```
Subject,Start Date,All Day Event
Teachers Day,09/05/2025,True
```

ஏமாற்றுவது பன்னிரண்டுக்குள் உள்ள தேதிகள்தான், ஏனென்றால் தப்பாக ஏறினாலும் பிழை காட்டாது. அதனால் முதலில் வெற்றுக் காலண்டர் ஒன்று உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள். தப்பென்றால் அந்த காலண்டரையே அழித்துவிடலாம். பள்ளி காலண்டரில் நேராக ஏற்றி, நாற்பது நிகழ்ச்சியை ஒவ்வொன்றாக அழித்தவள் சொல்கிறேன்.

மனைவிக்கு நினைவூட்டல் வரவில்லை. ஒரே காலண்டர்தான் பகிர்ந்திருக்கிறோம்.

முதல் பதில்.

விடுமுறை ப்ராஜெக்டை எப்படிப் போடுவது? பள்ளி திறக்கும் நாளில் போட்டு முதல் நாள் ராத்திரி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் ராத்திரி ஸ்டேஷனரி கடை மூடியிருக்கும். திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

2025 காலாண்டு விடுமுறையில் பையனுக்கு நீர்ச் சுழற்சி மாடல், தெர்மாகோலில். ஒப்படைப்பு திங்கள், அக்டோபர் 6. அதை ஒரே நிகழ்ச்சியாகப் போடவில்லை. கடைக்குப் போவது செப்டம்பர் 27 சனி மாலை ஐந்தரை, கணவர் பெயரில். ஏன் அவ்வளவு முன்னால் என்றால் அக்டோபர் 1 ஆயுத பூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தி. எங்கள் தெருக் கடைக்காரர் இரண்டு நாளும் திறக்க மாட்டார். வெட்டி ஒட்டுவது 29 காலை. வண்ணம் 30. ஒட்டியது ஒரு ராத்திரி காய வேண்டும் என்பதால்தான் அந்த இடைவெளி. அப்புறம் 4-ஆம் தேதி சனிக்கிழமை ஒரு மணி நேரம் சும்மா விட்டிருந்தேன், உடைந்தால் சரிசெய்ய.

சரிசெய்யத்தான் வேண்டியிருந்தது. மிச்சமிருந்த கதவு எனாமல் பெயின்டை என் கணவர் மலையில் பூச, மலை உருகிப் பள்ளத்தாக்கு ஆகிவிட்டது. தெர்மாகோலுக்குப் போஸ்டர் கலர்தான்.

எல்லாவற்றையும் நேரம் போட்டே வையுங்கள். தலைப்பில் யார் செய்வது என்று எழுதுங்கள்: “அப்பா – தெர்மாகோல் 2, போஸ்டர் கலர் நீலம், பச்சை”. வெறும் “ப்ராஜெக்ட்” என்று அடித்தால் இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

மழை விடுமுறை தானாக இதில் வருமா?

வராது. கலெக்டர் அறிவிப்பைச் செய்தியில் பார்த்து நீங்கள்தான் மாற்ற வேண்டும். தொடர் நிகழ்ச்சி என்றால் அழிக்கும்போது `This event` மட்டும். அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள், அதையும் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா தினசரி காலண்டரில் பேனாவால் எழுதி வைப்பார். ஒரு மீட்டிங்கும் தவறியதில்லை. இதெல்லாம் எதற்கு?

வீட்டிலேயே இருப்பவர் ஒருவர், காலையில் தாளைக் கிழிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதை மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் தாள் இன்னும் ஆடி மாதத்தில் நிற்கிறது.

அக்கா, நினைவூட்டலை நான் வைத்தும் கணவருக்கு…

முதல் பதில், முதல் பதில். அவர் போனில், அவர் கணக்கில்.

அவர் போனிலேயே வைத்தாச்சு அக்கா, இரண்டு இடத்திலும். நீங்கள் சொன்ன பதினைந்து நிமிடச் சோதனையும் செய்தோம். ஆப்பைத் திறந்து வைத்தால் அடிக்கிறது, மூடினால் அடிப்பதில்லை.

அடடா, இது வேறு. சிடுசிடுத்ததற்கு மன்னிக்கவும். போனின் பேட்டரி சிக்கனம் ஆப்பைப் பின்னணியில் தூங்க வைக்கிறது என்று நினைக்கிறேன். போன் அமைப்பில் காலண்டர் ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தானாகத் தொடங்கும் அனுமதி கேட்கிற போன் என்றால் அதையும் கொடுத்துப் பாருங்கள்.

செய்தேன். ஒரு தடவை அடித்தது, அடுத்த தடவை அடிக்கவில்லை.

போன் மாடலையும், அதில் எத்தனை கூகுள் கணக்கு இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நாளை மாலை பார்க்கிறேன். இப்போது பொண்ணுக்கு நாளைக்கு ஏதோ சார்ட் பேப்பராம், என் போன் அடிக்கிறது.