ரேடியேஷனில் தோல் கறுத்தால் மஞ்சள் பூசலாமா?

"காரைக்குடியில் இருக்கோம். அப்பத்தாவுக்கு மார்பில் ரேடியேஷன், மூன்றாவது வாரம். தோல் கறுத்துப்போச்சு. மஞ்சள் பூசலாமா?"

வேண்டாம். எரிச்சல் கூடலாம், கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட குறிக் கோடுகளும் மறைந்துவிடும்.

கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல் அதைச் சரிசெய்துகொள்ளும், புற்றுசெல் பெரும்பாலும் திணறும். அதனால்தான் தினமும் கொஞ்சமாகத் தருகிறார்கள். மார்புக்குக் கதிர் இரு பக்கமிருந்தும் சாய்வாக வரும், நுரையீரலில் அதிகம் படாமலிருக்க. தோல் கதிரின் வழியில் இருப்பதால் கறுக்கிறது. சிகிச்சை முடிந்தபின்னும் ஓரிரு வாரம் கறுப்பு கூடும், களைப்பும் இருக்கும்.

வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றியெடுங்கள். மார்பின் அடிமடிப்பைத் தினமும் பாருங்கள். நம்மூர் வெயிலுக்கு வியர்வை அங்கேதான் தேங்கும். இறுக்கமான உள்ளாடைக்குப் பதில் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய கண்டாங்கித் துணி போதும். தோல் உரிந்து நீர் கசிந்தால் அன்றே ரேடியேஷன் டாக்டரிடம் காட்டுங்கள்.