என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சக ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் 'நீங்க' போடுவதா, 'நீ' போடுவதா? அவரே 'நீன்னே கூப்பிடு' என்கிறார்.

உங்கள் ஆபீஸிலும் நேரில் பேசும்போது இந்தப் பிரச்சினை வந்திருக்காது, போனில் தட்டும்போதுதான் கை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆனது. நான் கோபிக்காரி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் ஃபாலோ-அப் பார்க்கிறேன். நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அதிலேயே உங்களுக்குப் பதிலும் இருக்கிறது.

எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கு முப்பத்தொன்று. நேரில் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் நேவி ப்ளூ டி-ஷர்ட் கட்டிங் பாக்கி நின்றது. பவர் டேபிளில் தைக்கிற ஆட்கள் துணிக்குக் காத்திருக்கிறார்கள். காலையில் "அண்ணா, நேவி கட்டிங் ஆச்சா?" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து "எப்ப முடியும்?" என்று கேட்டேன். மதியத்துக்கு மேல் என்று ஒரு வரி வந்தது. "சரி" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் என் மெசேஜ் எதற்கும் அவரிடமிருந்து பதில் இல்லை. நீல டிக் விழும், அவ்வளவுதான். விவரம் வேண்டுமென்றால் ஹெல்பர் பையனிடம் சொல்லி அனுப்புவார்.

நான் அனுப்பிய மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். 'நீ' என்று எங்கும் இல்லை. 'வா', 'அனுப்பு' என்றும் இல்லை. அப்படியிருக்க எதில் மரியாதை குறைந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சரி, மரியாதையைக் கூட்டுவோம் என்று மூன்றாம் நாள் "தாங்கள் கட்டிங் விவரத்தை மாலைக்குள் அனுப்பவும்" என்று எழுதினேன். டீ நேரத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் டேபிளுக்கே வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, நான் என்ன கேஸ்ல மாட்டுன ஆளா, நோட்டீஸ் உடறே? நேர்ல வாய் நெறைய 'ங்க' போட்டுப் பேசற புள்ள, போன்ல மட்டும் ஏன் அதட்டறே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேரில் இருந்திருந்தால் "ஆச்சுங்களாண்ணா?", "எப்பங்க முடியும்?", "சரிங்கண்ணா" என்றுதான் என் வாயில் வந்திருக்கும். இந்த 'ங்க' நம் கொங்குப் பக்கத்தில் 'வாங்க', 'போங்க' மாதிரி எதிரில் இருப்பவர் செய்யும் வேலையோடு மட்டும் நிற்பதில்லை, எந்தச் சொல்லிலும் போய் ஒட்டும். ஆச்சு என்பது கட்டிங்கைப் பற்றியது, சரி என்பதில் ஆளே இல்லை, வர்றேன் என்பது என்னைப் பற்றியது. ஆனாலும் ஆச்சுங்க, சரிங்க, வர்றேனுங்க என்கிறோம். என் வேலையைச் சொல்லும்போதே கேட்பவருக்குரிய மரியாதை அதில் சேர்ந்து போய்விடுகிறது. இதை நாங்கள் யோசித்துப் போடுவதில்லை, பேச்சோடு வந்துவிடும். எழுதும்போது அவசரத்தில் அதுதான் முதலில் உதிர்கிறது, மிச்சம் இருப்பது வெறும் 'ஆச்சா?'. முகமும் குரலும் இல்லாமல் அதைப் படிக்கிறவருக்கு முதலாளி கேட்பது மாதிரித்தான் கேட்கும்.

'அனுப்பவும்' ஏன் அதைவிட மோசமாகப் பட்டது என்றும் யோசித்துப் பார்த்தேன். "செருப்பை வெளியே விடவும்" என்று கோயில் வாசலில் எழுதி வைப்பார்களே, அந்த உம். அதில் சொல்கிறவரும் தெரியாது, கேட்கிறவரும் தெரியாது. பொதுவாகப் பலகையில் எழுத அது சரியான வார்த்தைதான். தினமும் சேர்ந்து டீ குடிக்கிற மனுஷருக்குத் தனியாக அனுப்பினால், உறவை முறித்துக்கொண்டு எழுதுவது மாதிரி ஆகிவிடுகிறது. 'தாங்கள்' சேர்த்ததால் அது இன்னும் தள்ளிப் போனது. "அனுப்பறீங்களாண்ணா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது உங்கள் விஷயம். அவர் நீ போடச் சொல்கிறார், உங்களுக்கு மனசு வரவில்லை. நீங்க போட்டால் அவர் தள்ளி வைத்த மாதிரி நினைப்பாரோ என்று பயம். இந்த மாதிரி இக்கட்டில் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற ஒன்று உண்டு, ஆளையே எடுத்துவிட்டு "சாப்பிட்டாச்சா?", "எப்ப வர்றது?" என்று கேட்பது. நானும் தெரியாமல் செய்தது அதுதான். அது பாதிக் கிணறு. அதோடு 'ங்க' சேருங்கள். "சாப்பிட்டாச்சுங்களாண்ணா?", "எப்பங்கண்ணா வர்றது?" என்று எழுதிப் பாருங்கள். இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, அவர் கேட்ட நெருக்கமும் போகவில்லை. 'ஆச்சா' மாதிரி 'ஆ'வில் முடிகிற கேள்வியில் 'ங்க' என்பது 'ங்களா' என்று ஆகும், அந்த 'ள'வை விட்டுவிடாதீர்கள். ஒரு மெசேஜுக்கு ஒரு தடவை போதும். வார்த்தைக்கு வார்த்தை ஒட்டினால் நக்கல் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும்.

ஆபீஸ் குரூப்பில் மட்டும் அவர் என்ன சொன்னாலும் நீ வேண்டாம். அவர் உங்களிடம் தனியாகச் சொன்னது குரூப்பில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நாளைக்கே இன்னொரு சின்னப் பையன் அதைப் பார்த்துவிட்டு அவரை வா போ என்பான், அவரால் அவனைத் தடுக்கவும் முடியாது.

இது கொங்குப் பக்கத்துக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். "நாளைக்கு வர்றேனுங்க" என்று எழுதினால் "ஏன் இவ்வளவு பணிஞ்சு பேசறீங்க?" என்று கூச்சப்படுவார். அவருக்கு 'நீங்க', 'சார்' இரண்டுமே போதும்.

அடிமைப் பேச்சு என்று சொல்ல யாராவது வருவார்கள், அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, நான்கு வயதுக் குழந்தையிடம் "சாப்பிட்டீங்களா சாமி?" என்றுதான் கேட்பார். அவர் யாருக்கு அடிமை? ஆனால் 'ங்க' ஒரு பக்கமாகவே போகிற இடங்களும் நம் ஊரில் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற ஒரு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் அவரை "ஏய், இங்க வா" என்கிறான். அந்த அம்மா திருப்பி "வர்றேனுங்க" என்கிறார். மேனேஜருக்கு மெசேஜ் போடும்போது அதே பையன் வரிக்கு வரி 'ங்க' போடுகிறான், தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் மரியாதைப் பேச்சு என்று வந்தாலே எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வருகிறது. நான் அவரிடம் 'வாங்கம்மா' என்றுதான் சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டரோடு இப்போது ஒரு பிரச்சினையும் இல்லை. நேற்றுகூட "ரிப் கட்டிங் ஆச்சுங்களாண்ணா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "ஆச்சு கண்ணு, பையனை அனுப்பு."