கிணத்துக்குள்ள இறங்கிற கனவு

வணக்கம் அக்கா. நான் வெள்ளவத்தையில இருக்கிறன், ரெண்டு பிள்ளையள். கொஞ்ச நாளா விடியக்காலையில ஒரே கனவு. எங்கட ஊர் வீட்டுக் கிணத்துக்குள்ள இறங்கிக்கொண்டே போறன், உண்மையில அந்தக் கிணத்துக்குப் படியே இல்ல, கனவில இருக்கு, போகப் போக இருட்டு, ஆனா இறங்கேக்க பயமில்ல. அடியில இருந்து ஆரோ "ஆரது?" எண்டு கேக்கினம், பேரைச் சொல்ல வாய் திறந்தா சத்தம் வருதில்ல, பதறி எழும்பிடுவன். மாமி சொல்லுறா கிணத்துக்க இறங்கிற கனவு கூடாதாம், விடியக்காலைக் கனவு பலிக்குமாம். இவர் சிரிக்கிறார்.

காரணம் எனக்குத் தெரியும். அண்ணா தான். ஊர்க் காணிய என்னைக் கேக்காம விக்கப் பாக்கிறார். நாங்கள் இங்க வாடகைக்கு கிடந்து இழுபடுறது அவருக்குத் தெரியாதோ? போன் எடுத்தா வள்ளெண்டு விழுறார். அம்மாவும் அவரோட தான், அவவும் எனக்காக ஒண்டும் கதைக்கிறாவில்ல, இப்ப கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கிறா, போன கிழமை அப்பா சந்தைக்குப் போட்டார் எண்டா, அப்பா செத்து எத்தினை வருஷம், வயசு தானே, அத விடுங்கோ. என்னைக் கேக்காம எப்பிடி விக்கலாம்? அண்ணா தான் என்னை அந்தக் கிணத்துக்க தள்ளுறார் எண்டு நினைக்கிறன். சரி தானே?

*

தங்கச்சி, மாமியின்ர பயத்த முதல்ல முடிச்சு விடுவம். கண் வேகமா அசையிற கனவு நித்திரை இருக்கே, அது இரவு முழுக்க விட்டு விட்டு வரும், விடியப் பக்கம் தான் கன நேரம் நீளும். அதுக்குள்ள இருந்து நேரா முழிக்கிறதால அந்தக் கனவு தான் மனசில நிக்கும். வாய் திறந்தும் சத்தம் வராததுக்கும் அதோட தொடர்பு இருக்கலாம், அந்த நேரம் உடம்புத் தசையெல்லாம் தளர்ந்து தான் கிடக்கும்.

மற்றது, உங்கட கனவில ஆரும் தள்ளேல்ல. படியே இல்லாத கிணத்துக்கு நீங்கள் படி வச்சு, பயமில்லாம, உங்கட காலால இறங்கிறீங்கள். அண்ணாவ முழிச்சாப் பிறகு தான் அங்க கொண்டுபோய் விட்டிருக்கிறீங்கள்.

1909ல, மனசையும் கனவையும் ஆராய்ஞ்ச டொக்டர்மார் யுங், ஃபிராய்ட் ரெண்டு பேரும் அமெரிக்காவுக்குப் போன பயணத்தில யுங் இதே மாதிரி ஒரு கனவச் சொன்னார். ஒரு வீட்டில மாடியில இருந்து இறங்க இறங்க ஒவ்வொரு தளமும் பழசாகிக்கொண்டே போகுது, நிலவறையில வளையம் போட்ட ஒரு கல்லு, அதத் தூக்கினா இன்னும் படி, அடியில குகை, குகைக்குள்ள ரெண்டு மண்டையோடு. ஆற்ற மண்டையோடு, ஆர் சாகவேணும் எண்டு உமக்கு ஆசை எண்டு ஃபிராய்ட் விடாமக் கேக்க, இவர் மனிசியினதும் மச்சாளினதும் எண்டு சொல்லிப்போட்டார். அது பொய், வாய மூட வைக்கச் சொன்னது எண்டு பிறகு அவரே சொன்னவர். அவருக்கு அந்த ஆழம் மனுசமனசின்ர பழைய அடுக்குகள். ரெண்டு பெரிய ஆக்களே ஒரு குகைய ரெண்டு விதமாத் தான் பாத்தவை, அதால கிணறு எண்டா இது தான் அர்த்தம் எண்டு ஒரு பட்டியல் போட என்னால ஏலாது. ஆனா கேக்கிற ஆளின்ர வாய மூட வைக்கிற மறுமொழி எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். உங்கட "அண்ணா தான்" அப்பிடி ஒண்டு.

நீங்கள் "அத விடுங்கோ" எண்டத நான் விடமாட்டன். அடியில இருந்து வாற கேள்வி "ஆரது?" எண்டது. அப்பா சந்தைக்குப் போட்டார் எண்டு சொல்லுற அம்மா, ஒருநாள் போனில உங்களையும் ஆரது எண்டு கேட்டிடுவாவோ எண்ட பயம் தானே அங்க நிக்குது? நான் சொல்லுறது பிழையா இருக்கலாம், ஆனா இத வாசிக்கேக்க நெஞ்சு அடைச்சுதெண்டா பிழையில்ல.

கோவப்படாதைங்கோ, இதில நான் அண்ணான்ர பக்கம். கேக்காம விக்கப் பாக்கிறது அவரின்ர பிழை தான். ஆனா நீங்கள் போனில ஒருக்காக் கேட்டு "வயசு தானே" எண்டு வைக்கிற கேள்விக்கு அவர் ஒரு நாளில எத்தினை தரம் மறுமொழி சொல்லுவார்? வள்ளெண்டு விழுற மனுசன் நித்திரை கொள்ளுறாரோ எண்டு கேட்டனீங்களோ? காணிச் சண்டை பிடிக்கிறது சுகம், அதில ஆர் பிழையெண்டு தெரியும். அம்மா மறக்கிறதுக்கு ஆரோட சண்டை பிடிக்கிறது?

அதோட வயசு தானே எண்டு விடுற விஷயமும் இல்ல இது. செத்தவர் சந்தைக்குப் போனதாச் சொல்லுறது கண்ணாடிய வச்ச இடம் மறக்கிற மாதிரி இல்ல. டிமென்ஷியாவா இருக்கலாம், ஆனா தைரொய்ட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, எடுக்கிற சில மருந்துகள் கூட இப்பிடிக் குழப்பும், அதுகளுக்கு மருந்து இருக்கு, இல்லாட்டி மாத்தலாம். ரத்தம் சோதிச்சு டொக்டரிட்டக் காட்டினாத் தான் தெரியும். திடீரெண்டு ரெண்டு மூண்டு நாளில கூடினா உடன கொண்டு போங்கோ, கிருமித் தொற்றாயும் இருக்கலாம்.

அண்ணாவுக்கு எடுத்து காணியப் பற்றி மூச்சு விடாம "அம்மா எப்பத்தில இருந்து இப்பிடி?" எண்டு கேளுங்கோ. யாழ்ப்பாண ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு எடுத்தா இன்னும் நல்லம். காணி அம்மாவின்ர பேரில எண்டா அவ விளங்கித் தான் கையெழுத்து வைக்கிறாவோ எண்ட கேள்வியும் இருக்கு, அத லோயரிட்டக் கேளுங்கோ, டொக்டரிட்டக் காட்டினாப் பிறகு.