ஏழு சுவிட்சுகளை எண்ண நான்கு ஃபுல் ஆடர்கள்: கேரியை எங்கே கொடுப்பது?

கேள்வி: ஏழு சுவிட்சுகளில் எத்தனை ஆன் ஆகியிருக்கின்றன என்று எல்இடியில் பைனரியாகக் காட்டும் சர்க்யூட் செய்கிறேன். மூன்று ஃபுல் ஆடர்களை, ஒன்றின் கேரி அடுத்ததற்குப் போகும்படி கோர்த்தேன். முதல் மூன்று சுவிட்சுகள் வரை சரியாக எண்ணுகிறது. நான்காவதை மட்டும் போட்டால் 2 வருகிறது, ஏழையும் போட்டால் 15 வருகிறது. 7483 ஐசி ஒன்று வாங்கினால் போதும், அதில் நான்கு ஃபுல் ஆடர்கள் இருக்கின்றன என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அதைவிட முக்கியம், இப்போது உள்ள இணைப்பையே அதில் போட்டால் அதே 15தான் மறுபடி வரும்.

உங்கள் ஆடர்களில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் செய்திருப்பது இரண்டு மூன்று-பிட் எண்களைக் கூட்டும் சர்க்யூட். அதில் இரண்டாவது ஆடருக்குள் போகும் எந்தக் கம்பிக்கும் மதிப்பு 2, மூன்றாவதற்குள் போவதற்கு 4. அதனால்தான் நான்காவது சுவிட்ச் தனியாக 2 என்று காட்டுகிறது. ஏழும் ஆன் என்றால் 7+7+1 ஆகி 15 வருகிறது. எண்ணும் சர்க்யூட்டிலோ எல்லாச் சுவிட்சுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

இந்தத் தவறு மாணவர்களுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபுல் ஆடர் என்றாலே வரிசையாகக் கோர்க்கும் படத்தை மட்டும் காட்டி, "கேரி அடுத்ததற்குப் போகும்" என்று மனப்பாடம் செய்யவைத்தால் வேறு என்ன நடக்கும்? மூன்றாவது உள்ளீட்டுக்குக் "கேரி இன்" என்று பெயர் வைத்திருப்பதால் அது ஏதோ தனிவகை என்று தோன்றுகிறது. மூன்று உள்ளீடுகளும் சமமானவை. எதில் எதைக் கொடுத்தாலும் விடை ஒன்றே. ஃபுல் ஆடர் என்பதே மூன்று பிட்டுகளில் எத்தனை ஒன்று என எண்ணும் கருவிதான்: சம் வெளியீட்டின் மதிப்பு 1, கேரியின் மதிப்பு 2.

ஆகவே விதி ஒன்றே. ஒரே மதிப்புள்ள கம்பிகளை மட்டும் ஓர் ஆடருக்குள் விடுங்கள். கீழே x0 முதல் x6 வரை சுவிட்சுகள், Y0, Y1, Y2 எல்இடிகள்.

```
FA1: x0, x1, x2 -> s1, c1
FA2: x3, x4, x5 -> s2, c2
FA3: s1, s2, x6 -> Y0, c3
FA4: c1, c2, c3 -> Y1, Y2
```

முதல் மூன்று ஆடர்களும் மதிப்பு 1 உள்ள கம்பிகளை எண்ணுகின்றன. அவற்றின் மூன்று கேரிகளும் மதிப்பு 2 என்பதால் நான்காவது ஆடரில் சேர்கின்றன. நான்காவதன் சம் மதிப்பு 2, கேரி மதிப்பு 4. மொத்தம் ஏன் நான்கு? ஒவ்வோர் ஆடரும் மூன்று கம்பிகளை வாங்கி இரண்டைத் தருகிறது, அதாவது ஒரு கம்பியைக் குறைக்கிறது. ஏழு கம்பிகள் மூன்றாக வேண்டும், எனவே நான்கு. பெரிய விடை 7, பைனரியில் 111. நான்காவது எல்இடிக்கு வேலையில்லை.

x0, x2, x3, x4, x6 ஆகிய ஐந்தும் ஆன் என்று வையுங்கள். FA1-க்கு 1, 0, 1 போகிறது: சம் 0, கேரி 1. FA2-க்கு 1, 1, 0: சம் 0, கேரி 1. FA3-க்கு 0, 0, 1: சம் 1, கேரி 0. FA4-க்கு 1, 1, 0: சம் 0, கேரி 1. Y2 Y1 Y0 என்று படித்தால் 101, அதாவது 5. இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். 128 வரி அட்டவணையும் ஏழு மாறிகளுக்கான கே-மேப்பும் கேட்கும் பாடத்திட்டத்துக்காக நேரத்தை இழக்க வேண்டாம்.

இனி ஐசி. 7483-இல் நான்கு ஃபுல் ஆடர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை உள்ளேயே சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை. முதல் கேரி உள்ளீடும் கடைசிக் கேரி வெளியீடும் மட்டுமே காலுக்கு வருகின்றன. நமக்கு வேண்டிய c1, c2 இரண்டும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். இதைச் சொல்லாமல் "நான்கு ஆடர், ஒன்று போதும்" என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முழு ப்ராஜெக்டையே செய்து தருகிறேன் என்பவர்களிடம் அதைவிட எச்சரிக்கை வேண்டும். கேரிகள் மூன்றையும் OR கேட்டில் சேர்த்துவிட்ட சர்க்யூட்டையும் அவர்கள் தருவார்கள். 0 முதல் 3 வரை எல்லாம் சரியாகத் தெரியும், அதோடு சோதிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அடைபட்ட கேரியை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள். ஐசியின் இரண்டாம் நிலையில் A2, B2 இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்தால், அந்த இரண்டும் சேர்ந்து 0 அல்லது 2 ஆகும். சம் இலக்கத்தை அது பாதிக்காது. ஆகவே உள்ளே வந்த கேரி அப்படியே S2-இல் தெரியும். அதே சமயம் அடுத்த நிலைக்குப் போகும் கேரி, நாம் கொடுத்த சிக்னலாகவே இருக்கும். மூன்றில் இரண்டு ஒன்றானால் கேரி 1 என்பதால், வந்த கேரி எதுவானாலும் நம் சிக்னலின் இரண்டு பிரதிகளே முடிவு செய்யும். அந்த இடத்தில் x5-ஐக் கொடுத்தால் c1 வெளியே வரும், x5 மூன்றாம் நிலைக்குள் போகும். ஒரே ஐசியில் FA1-உம் FA2-உம் முடிந்தன.

```
IC1: C0=x0  A1=x1  B1=x2  A2=B2=x5
     A3=x3  B3=x4  A4=B4=0
     S1=s1  S2=c1  S3=s2  S4=c2
IC2: C0=x6  A1=s1  B1=s2  A2=c1  B2=c2
     A3=B3=A4=B4=0
     S1=Y0  S2=Y1  S3=Y2
```

இரண்டாவது ஐசியில் சங்கிலி நமக்கு உதவுகிறது. முதல் நிலையின் கேரி c3-க்கு மதிப்பு 2. c1, c2 காத்திருக்கும் இரண்டாம் நிலைக்கு அது உள்ளுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது.

7483-க்குப் பதில் 74LS283 கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள், வேலை ஒன்றே. ஆனால் கால்கள் வேறு. 74LS283-க்கு 5 வோல்ட் 16ஆம் காலில், கிரவுண்ட் 8ஆம் காலில். 7483-க்கு 5 வோல்ட் 5ஆம் காலில், கிரவுண்ட் 12ஆம் காலில். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைச் செருகினால் வேலை செய்யாது, கெட்டும் போகலாம்.

சோதிக்கும்போது முதலில் ஒவ்வொரு சுவிட்சையும் தனியாகப் போடுங்கள், ஏழு முறையும் 1 வர வேண்டும். எதற்காவது 2 வந்தால் அந்தக் கம்பி FA4 பக்கம் போயிருக்கிறது. அடுத்து x0, x1 சேர்த்து. பிறகு x3, x4. பிறகு x0, x3. மூன்றுக்கும் 2 வர வேண்டும். முதலாவது தவறினால் c1, இரண்டாவது தவறினால் c2, மூன்றாவது தவறினால் c3 அறுந்திருக்கிறது. பிறகு x0, x1, x3, x4 நான்கும்: 4 வர வேண்டும். 2 வந்தால் கேரிகளை OR கேட்டில் கலந்திருக்கிறீர்கள். கடைசியில் ஏழும் போட்டு 7 பாருங்கள்.

எல்லாம் ஆஃப் செய்தும் 0 வராவிட்டால் ஆடரைக் குறை சொல்லாதீர்கள், சுவிட்சைப் பாருங்கள். இந்த வகை ஐசிகளில் எதிலும் இணைக்காமல் விட்ட கால் 1 என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆஃப் என்றால் கம்பி தொங்கக் கூடாது, கிரவுண்டைத் தொட வேண்டும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுப்பதும் பயன்படாது. காலிலிருந்து வெளியேறும் மின்னோட்டமே அந்த ரெசிஸ்டரில் வோல்டேஜை ஏற்றிவிடும். மூன்று முனை சுவிட்ச் வாங்கி, நடுமுனையை ஐசிக்கும் ஓரமுனைகளை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள்.