சாமான்கள் பாதி விலைக்குப் போனால் நட்டம் யார் தலையில்?

கேள்வி: நானும் என் அத்தானும் ஒரு நண்பரும் சேர்ந்து தேக்காவில் நடத்திய கேட்டரிங் கடையை மூடுகிறோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. லாபத்தைச் சமமாகப் பிரித்து வந்தோம். சாமான்கள் புத்தக மதிப்பில் பாதிக்குத்தான் போயின. வேனை நான் எடுத்துக்கொள்கிறேன். குறைவாக முதல் போட்டவர் நட்டத்தையும் குறைவாகத்தான் ஏற்க வேண்டும் என்கிறார் நண்பர். கணக்கை எப்படி முடிப்பது? இருப்புநிலைக் குறிப்பை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சட்டப்படி நிற்காது. சிங்கப்பூரில் நடப்பிலுள்ள 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகள் லாபத்தைச் சமமாகப் பெறவும் நட்டத்தைச் சமமாக ஏற்கவும் வேண்டும் என்கிறது. போட்ட முதலின் அளவு இங்கே கணக்கில் வராது.

உங்கள் குறிப்பின்படி சமையல் சாதனங்கள் 58,000 வெள்ளி, வேன் 20,000, சரக்கு 8,000, வாடிக்கையாளர் பாக்கி 6,000. வங்கி இருப்பைத் தவிர்த்த இந்த நான்கையும், மொத்தம் 92,000 வெள்ளியை, சொத்துகளை விற்றுத் தீர்ப்பதில் வரும் லாப நட்டத்தைக் காட்டும் ரியலைசேஷன் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதுங்கள். கடை இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க ஆன 3,500 வெள்ளியும் அதே பக்கத்தில் சேரும். வரவுப் பக்கத்தில் சாதனங்கள் விற்ற 27,000, சரக்கு 4,000, வசூலான பாக்கி 5,000, நீங்கள் மூவரும் ஒப்புக்கொண்ட வேன் விலை 14,000, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய 14,000 வெள்ளியில் அவர் விட்டுக்கொடுத்த 500 ஆகியவை வரும். 95,500 வெள்ளிக்கு எதிரே 50,500தான் நிற்கிறது. நட்டம் 45,000, ஆளுக்கு 15,000.

சாதனங்கள் இவ்வளவு குறைந்து போனதைப் பார்த்து யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. புத்தக மதிப்பு என்பது வாங்கிய விலையில் தேய்மானம் கழித்து மிஞ்சிய தொகையே தவிர, சந்தை விலை அன்று. அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துப் பொருத்திய புகைபோக்கியும் குழாய்களும் புத்தகத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும். கழற்றிய பிறகு பழைய இரும்புக் கடைக்காரர் தருவதுதான் அவற்றின் விலை.

இனி முதல் கணக்குகளுக்கு வருவோம். அத்தானின் 40,000 வெள்ளியில் நட்டம் போக 25,000 மிஞ்சுகிறது. உங்கள் 30,000 வெள்ளியில் நட்டப் பங்கையும் வேனின் 14,000 வெள்ளியையும் கழித்தால் 1,000 மிஞ்சுகிறது. நண்பர் போட்டது 8,000. ஆகவே அவர் 7,000 வெள்ளி கொண்டுவர வேண்டும். அத்தான் கடைக்குக் கொடுத்த கடன் 10,000 வெள்ளி முதல் அன்று. அதை ரியலைசேஷன் கணக்கிலோ அவருடைய முதலிலோ கலக்காதீர்கள். சட்டத்தின் 44ஆம் பிரிவு வகுத்த வரிசையில் வெளியார் கடன் முதலில், கூட்டாளி கொடுத்த கடன் அடுத்து, முதல் அதற்குப் பிறகு. வங்கியில் இருந்த 10,000 வெள்ளியோடு விற்பனையும் வசூலும் சேர்ந்து 46,000 ஆகும். செலவு 3,500, வியாபாரிக்கு 13,500, அத்தானின் கடன் 10,000 போக 19,000 மிஞ்சும். நண்பரின் 7,000 வந்ததும் 26,000. அது உங்கள் இருவருக்கும் சேர வேண்டிய தொகைக்குச் சரியாக இருக்கிறது. ஒரு வெள்ளி கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது வேனாகத்தான் இருக்கும், ஏனெனில் அதற்குக் காசு கைமாறவில்லை.

நண்பரால் அந்த 7,000 வெள்ளியைத் தரவே முடியாது, அவர் நொடித்துவிட்டார் என்றால் நிலைமை மாறும். 1904ஆம் ஆண்டு கார்னர் எதிர் மர்ரே என்ற ஆங்கில வழக்கின் விதிப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது அந்தக் குறையை மற்ற இருவரும் லாப விகிதத்தில் அல்லாமல், கடைசியாக நிலைபெற்ற முதலின் விகிதத்தில் ஏற்க வேண்டும். நாற்பதுக்கு முப்பது என்றால் அத்தானுக்கு 4,000, உங்களுக்கு 3,000. அப்போது உங்கள் 1,000 வெள்ளி வரவு மறைந்து, நீங்கள் 2,000 வெள்ளி கொண்டுவர வேண்டியிருக்கும். அத்தானுக்கு 21,000 கிடைக்கும். நண்பர் பட்ட கடன் இதனால் அழிந்துவிடாது. அவர் உங்கள் இருவருக்கும் கடன்பட்டவராகவே இருப்பார். ஆகவே அவரால் தர முடியுமா என்பது தெளிவாகும் முன்பு, வங்கியில் இருக்கும் பணத்திலிருந்து நீங்கள் 1,000 வெள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேன் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவரும் நீங்கள், விற்பவர்களில் ஒருவரும் நீங்கள். மீதமுள்ள சிஓஇ காலத்தைப் பொறுத்தே இங்கு வண்டி விலை அமைவதால், இரண்டு பழைய வண்டி வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேட்டு மற்ற இருவரிடமும் காட்டுங்கள். விலையை 17,000 என்று உயர்த்தினால் உங்கள் கணக்கில் 3,000 கூடுதலாகக் கழியும். ஆனால் மொத்த நட்டமும் 3,000 குறைவதால் உங்கள் பங்கில் 1,000 திரும்பி, உண்மையில் 2,000 வெள்ளிதான் கூடுதலாகும். மூவரும் ஒப்புக்கொண்ட விலையைக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, கணக்குகள் எல்லாம் பூஜ்ஜியமான பிறகு அக்ராவில் வணிகப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.