படத்தைக் காட்டி மிரட்டினால் முதலில் எதைச் செய்வது? வயதுவாரியாகக் கேள்வி பதில்

ஒரு அப்பா, மதுரை: பத்தாவது படிக்கிற பையன். இன்ஸ்டாகிராமில் ஒரு பொண்ணு பேர்ல பழகி, அவன் படத்தை வாங்கிட்டு, இப்போ 5,000 ரூபாய் கேட்குறாங்க. கொடுத்துட்டா முடிஞ்சிடுமா மேடம்?

முடியாது சார். பணம் வந்தால் 'இவன் கொடுப்பான்' என்று தெரிந்துவிடும், அடுத்த தொகை அதைவிடப் பெரிதாக வரும். பதில் எழுதுவதை இப்போதே நிறுத்துங்கள். கெஞ்சுவதும் திட்டுவதும் வேண்டாம், இரண்டுமே அவர்களைப் பிடித்துவைக்கும்.

பிளாக் செய்வதற்கு முன் சாட்சி எடுங்கள். முதலில் பெயருக்கு மேல் தெரியும் யூசர்நேமையும், அந்தக் கணக்கின் லிங்க்கையும் எடுத்துவையுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பெயர் எதற்கும் உதவாது, அதை நொடியில் மாற்றிவிடுவார்கள். பிறகு மிரட்டிய வரிகளைத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் அனுப்பச் சொல்லி யூ.பி.ஐ ஐடியோ வங்கிக் கணக்கோ கொடுத்திருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். போலிக் கணக்கில் ஆள் இல்லை, பணம் போகிற இடத்தில்தான் ஆள் இருக்கிறான்.

பையனின் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அது எங்கே இருக்கிறதோ அந்த ஃபோனிலேயே இருக்கட்டும், காவல்துறையிடம் ஃபோனோடு காட்டலாம். 18 வயதுக்குக் கீழுள்ளவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். 'சித்தப்பா பார்த்துச் சொல்லட்டும்' என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பெற்றோர் நிறைய பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதன் பிறகே புகாரும் பிளாக்கும். cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதிக்குப் போங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அதன் நிலையைப் பின்தொடர முடியாது, அதனால் Report and Track வழியே நல்லது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க UTR எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை பிரைவேட் ஆக்கினாலும் நண்பர்கள் பட்டியலை அவர்கள் முன்பே எடுத்திருப்பார்கள். அதனால் பையனுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரிடம், 'என் பேரில் ஏதாவது வந்தால் திறக்காதே, எனக்குச் சொல்' என்று அவனே சொல்லிவைப்பது மிரட்டலின் பாதி பலத்தை எடுத்துவிடும். இன்று இரவு அவனைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். திட்டும் பேச்சு எதுவானாலும் பிறகு இருக்கட்டும்.

ஒரு அம்மா, ஈரோடு: எங்களுக்கும் இதே மாதிரி. பயத்துல சாட் முழுக்க அழிச்சுட்டோம். ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும் அம்மா. உங்கள் பக்கம் அழித்தாலும் அந்தக் கணக்கு இன்னும் இருக்கலாம். லிங்க்கைத் தேடி எடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் வங்கிச் செயலியில் பதிவு இருக்கும். இனி எதையும் அழிக்காதீர்கள், ஃபோனை ரீசெட்டும் செய்யாதீர்கள்.

எட்டு வயதுப் பிள்ளையின் அப்பா: நான் Family Link போட்டுட்டேன். கேம்ல யார் பேசினாலும் எனக்கு மெசேஜ் வந்துடும். அதனால கவலை இல்லைதானே?

பாதி சரி. எந்தச் செயலி இறங்கலாம், எவ்வளவு நேரம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். சாட்டின் உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அது காட்டாது. எட்டு வயதில் பெரிய ஆபத்தே கேமின் வாய்ஸ் சாட்டில் வரும் முகம் தெரியாத 'அண்ணன்'தான். அவர் முதலில் பரிசு கொடுப்பார், பிறகு 'வாட்ஸ்அப்புக்கு வா' என்பார். கேமுக்குள் போய் வாய்ஸ் சாட்டையும் அந்நியர் செய்தியையும் நீங்களே அணைத்துவிடுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல், ஆள் இருக்கும் அறையில் விளையாடட்டும். பிள்ளைக்கு ஒரே ஒரு விதி போதும்: 'வேற இடத்துல பேசலாம்'னு யார் சொன்னாலும் எழுந்து வந்து சொல்லணும், சொன்னா கேமைப் பிடுங்க மாட்டோம். இரண்டாவது பாதியை நீங்கள் காப்பாற்றாவிட்டால் முதல் பாதி வேலை செய்யாது.

ஒன்பதாவது மாணவியின் அம்மா: கிளாஸ் குரூப்ல இவ போட்டோவை ஸ்டிக்கர் ஆக்கிக் கிண்டல் பண்றாங்க. பிளாக் பண்ணா இன்னும் அதிகமாகுது.

தெரிந்தவர்கள் செய்யும் கேலியில் பிளாக் ஒரு வெற்றிச் செய்தியாகிவிடும், அடுத்த நாள் வகுப்பில் அதுவே பேச்சு. இன்ஸ்டாகிராமில் Restrict செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்கு அறிவிப்பு போகாது. அவர்கள் போடும் கமெண்ட் அவர்களுக்கு மட்டும் தெரியும், செய்தி தனிப்பெட்டிக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் Settings > Privacy > Groups > My contacts வைத்தால் முகம் தெரியாதவர்கள் சேர்க்க முடியாது, ஆனால் வகுப்புத் தோழிகளைத் தடுக்காது. அதனால் ஸ்டிக்கரை யார் எப்போது போட்டார்கள் என்ற ஸ்கிரீன்ஷாட்டோடு வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிப் புகார் மறந்துபோகும்.

மதுரை அப்பா மறுபடி: இதெல்லாம் எதுக்கு? ஃபோனைப் பிடுங்கி வெச்சா தீர்ந்துது.

பிளஸ் டூ மாணவன்: அங்கிள், பிடுங்குவாங்கன்னு தெரிஞ்சதாலதான் யாரும் வீட்டுல சொல்றதில்ல. என் ஃப்ரெண்டு மூணு வாரம் தனியா தாங்கினான்.

ஈரோடு அம்மா: அப்போ நாங்க தெரியாம செக் பண்ணலாமா? பெத்தவங்களுக்கு உரிமை இல்லையா?

மாணவன்: கண்டுபிடிச்சா இன்னொரு ஐடி தொறப்போம் ஆன்ட்டி. அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மாணவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிமூன்றுக்கும் பதினெட்டுக்கும் ஒரே அளவு சுதந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஸ்டாகிராமின் கண்காணிப்பு வசதியே ஒரு நடுவழி எடுத்திருக்கிறது. கடந்த ஏழு நாளில் யாருக்குச் செய்தி அனுப்பினார்கள் என்பதைப் பெற்றோர் பார்க்கலாம், என்ன எழுதினார்கள் என்பதைப் பார்க்க முடியாது. பிள்ளைக்குத் தெரிந்தே இது நடக்கிறது. ஒளிந்து பார்ப்பது உயிர் ஆபத்து தெரியும்போது மட்டும் என்பது என் கருத்து. மதுரை சார் இதை ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் வீட்டை அவர்தான் அறிவார். ஆனாலும் பிடுங்கும் முன் மேலே சொன்ன சாட்சியை எடுங்கள் சார்.

ஒரு அம்மா: பணம் கொடுத்தா நிறுத்துவாங்களா?

முதல் பதில்.

ஒரு அண்ணன், கோவை: தங்கச்சிக்குப் பாதுகாப்பான ஃபோன் எந்த பிராண்ட் அக்கா?

பிராண்ட் கேள்விக்கு வேறு ஆளைக் கேளுங்கள் தம்பி.

கடன் செயலியில் கடன் வாங்கியவர், 34 வயது: பணம் கட்டியும் என் படத்தை மார்ஃப் பண்ணி கான்டாக்ட்ல இருக்கிறவங்களுக்கு அனுப்புறாங்க.

பெரியவர்களைப் பிடிப்பது தொடர்புப் பட்டியல் வழியாகத்தான். செயலியின் அனுமதிகளை இப்போது நீக்கினாலும் ஏற்கெனவே போன எண்கள் திரும்பி வராது, அதனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நீங்களே முந்தி இரண்டு வரிச் செய்தி அனுப்புங்கள்: 'மோசடிக் கும்பல், பொய்ப்படம், பணம் அனுப்ப வேண்டாம்.' ரசீதுகளையும் அழைத்த எண்களையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். உங்களுடைய அந்தரங்கப் படம் இருக்கிறதென்றால் stopncii.org பாருங்கள், அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

மாணவன்: 18-க்குக் கீழ இருக்கிறவங்களுக்கு?

takeitdown.ncmec.org. படம் உங்கள் ஃபோனை விட்டுப் போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும். அதில் சேர்ந்த தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் தப்பிவிடலாம். வாட்ஸ்அப் உரையாடலுக்குள்ளும் அது எட்டாது. அதனால் அனுப்பியவரின் எண்ணோடு புகார் தனியாகப் போகட்டும். இரவு எந்த நேரமானாலும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம் தம்பி, உன் நண்பனிடம் அந்த எண்ணைக் கொடு.